காதில் விழுந்ததும் கையில் வரும் பெயர்

காங்கேயம் பக்கத்தில் ஒரு பெண் மரச்செக்கு போட்டு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செக்கு வாகை மரத்தில் கடைந்தது. அதனால் தொழிலுக்கு ‘வாகைச்செக்கு’ என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார். நல்ல பெயர்தான். கடை வாசலில் தமிழில் போர்டு எழுதினால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வராது. ஆனால் இணைய முகவரியும் மின்னஞ்சலும் இன்ஸ்டாகிராம் பெயரும் ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் இருந்தாக வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘வா’வை `vaa` என்றும் எழுதலாம், `va` என்றும் எழுதலாம். ‘கை’யில் வரும் ககரத்துக்கு `g`, `k`, `h` மூன்றையும் நம் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். சகரத்துக்கு `ch` போடுவோரும் உண்டு, `s` போடுவோரும் உண்டு. ‘க்கு’வுக்கு ஒருவர் `kk` போடுவார், இன்னொருவர் ஒற்றை `k`வோடு நிறுத்திக்கொள்வார். இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு என்று பெருக்கிப் பார்த்தால் 24 வருகிறது. `vaagaichekku`, `vagaisekku`, `vaakaicheku`, `vahaisekku` என்று 24 விதமாக எழுதினாலும் அது ஒரே பெயர். அவற்றில் எதுவும் தவறு என்று சொல்லிவிட முடியாது.

அந்தப் பெண் இவற்றில் ஒன்றை வாங்குகிறார். திருப்பூரில் ஒரு வீட்டில் அந்த எண்ணெயில் சுட்ட முறுக்கைச் சாப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரர், “எங்கே வாங்கினீங்க?” என்று கேட்கிறார். பதிலாகப் பெயர் மட்டும்தான் காதில் விழுகிறது. அவர் வீட்டுக்குப் போய்த் தனக்குத் தோன்றிய எழுத்தில் தட்டுகிறார். ஒன்றும் வரவில்லை, அல்லது வேறு யாருடைய கடையோ வருகிறது. இரண்டாவது தடவை முயன்று பார்ப்பவர்கள் குறைவு. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. வராத வாடிக்கையாளர் போன் போட்டு, “உங்கள் பெயரை எழுதத் தெரியவில்லை” என்று புகார் சொல்வதில்லை.

மின்னஞ்சலில் இது இன்னும் மோசம். ஓர் எழுத்து மாறிய முகவரி இல்லாத முகவரியாக இருந்தால், அனுப்பியவருக்கே கடிதம் திரும்பி வந்துவிடும். அந்த மாறிய எழுத்தில் வேறு ஒருவர் டொமைன் வாங்கி வைத்திருந்தால், நமக்கு வர வேண்டிய ஆர்டரும் விலைப்பட்டியலும் வங்கி விவரமும் அவருடைய பெட்டிக்குப் போய்ச் சேரும்.

ஆகவே தொழில் தொடங்கும் தமிழர்கள் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்த டொமைன் கிடைக்கிறதா’ என்பதல்ல. ‘காதால் கேட்டவர் இதை ஒரே விதமாகத்தான் ஆங்கிலத்தில் எழுதுவாரா’ என்பதுதான். டொமைன் கம்பெனிகளின் விளம்பரங்களில் இந்தக் கேள்வி வருவதில்லை. பெயர் வைப்பது பற்றி வரும் பெரும்பாலான அறிவுரைகள் ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

எந்தத் தமிழ் ஒலிகள் ஆபத்தானவை என்பது ஓரளவு திட்டமாகத் தெரியும். நெடில்கள் முதலில். ‘ஆலை’யை `alai` என்று எழுதினால் படிப்பவர் ‘அலை’ என்று வாசிப்பார். ‘கூடை’யை `kudai` என்று எழுதினால் அது ‘குடை’யாகிவிடும். அடுத்தது ழகரம். `zh` போட வேண்டும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் தட்டும்போது `l` என்றே எழுதிவிடுவோம். ‘ற்ற’ வரும் சொற்களில் `tr`, `ttr`, `rr` மூன்றும் புழங்குகின்றன. தகரமும் டகரமும் `t`, `th`, `d`, `dh` நான்குக்கும் இடையே அலைகின்றன. சகரத்தின் கதையை மேலே பார்த்தோம்.

கடல் கடந்து விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கைத் தமிழர்களின் எழுத்து மரபு நம்முடையதிலிருந்து வேறுபட்டது. தமிழ்நாட்டில் செல்வம் என்றால் `Selvam`. இலங்கையின் தலைவர் செல்வநாயகத்தின் பெயரோ `Chelvanayakam` என்றே பதிவாகியிருக்கிறது. நம் ஊர்க் கந்தசாமி `Kandasamy`, யாழ்ப்பாணத்துக் கந்தசாமி பெரும்பாலும் `Kanthasamy`. டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் ஈழத் தமிழர்கள் எண்ணெய் வாங்க வேண்டுமானால், அவர்கள் கையும் அதே எழுத்துக்குப் போக வேண்டும்.

இத்தனையையும் தவிர்த்தால் மிஞ்சும் ஒலிகள் குறைவென்று பயப்பட வேண்டாம். ம, ந, ய, ல, வ, குறில் அகரம், இகரம் இவை பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் ஆங்கிலத்தில் வருகின்றன. வயல் என்றால் `vayal`. மணி என்றால் `mani`; ணகரமா னகரமா என்ற சந்தேகம் ஆங்கில எழுத்தில் எழுவதே இல்லை. மயில், மலர், நிலம், கயல், அம்மி, நெல்லி எல்லாம் இந்த வகை. நம் காங்கேயத்துப் பெண்மணி ‘வயல்மணி’ என்று ஒரு பெயரை யோசிக்கிறார் என்று கொள்வோம். இது இந்தக் கட்டுரைக்காக நான் கட்டிய பெயர்தான். `vayalmani` என்பதைத் தவிர வேறு எழுத்தில் எழுத ஆள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரைப் பயன்படுத்தலாமே என்று சிலருக்குத் தோன்றும். காங்கேயம் என்பதையே `Kangeyam`, `Kangayam` என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அது போக, ஊரும் பொருளும் சேர்ந்த பெயர் யாருக்கும் தனிச் சொத்தாகாது. மஞ்சள் விற்பவர் ‘ஈரோடு மஞ்சள்’ என்று தன் நிறுவனத்துக்குப் பெயர் வைத்தால் நிலைமை இன்னும் சிக்கல். அந்தப் பெயர் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அது அந்தப் பகுதி முழுவதற்கும் பொதுவானது. அப்படி ஒரு பெயரில் தொடங்கிய தொழில் பத்து மடங்கு வளர்ந்தாலும், பக்கத்துக் கடைக்காரர் அதே சொற்களைப் போர்டில் எழுதுவதைத் தடுக்க முடியாது.

பெயர் தோன்றியதும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனைக்குச் செலவே இல்லை. பத்துப் பேருக்குப் போன் போடுங்கள். எழுத்துக்கூட்டிச் சொல்லாமல், பெயரை ஒரே ஒரு தடவை உச்சரியுங்கள். அதை ஆங்கிலத்தில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பத்துப் பேரில் ஒரு வயதான அத்தையும் கல்லூரிப் பையனும் வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரும் இருக்கட்டும். எட்டு ஒன்பது பதில்கள் ஒரே மாதிரி வந்தால் பெயர் தேறியது. நாலு விதமாக வந்தால், எவ்வளவு பிடித்த பெயராக இருந்தாலும் கைவிடுவதுதான் நல்லது. ஒரு குறிப்பிட்ட மாற்று எழுத்து மட்டும் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்தால், அந்த எழுத்திலும் ஒரு டொமைன் வாங்கி முதன்மை முகவரிக்குத் திருப்பிவிடலாம். 24 விதம் உள்ள பெயருக்கு அந்த வைத்தியம் கட்டுப்படியாகாது.

இந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரிந்துவிடும். பெயரில் இடையில் கோடு இருந்தால் போனில் “வயல், டேஷ், மணி” என்று சொல்ல நேரும். கேட்பவர் டேஷ் என்பதைச் சொல்லாகவே தட்டிவிடுவதும் உண்டு. எண் இருந்தால் எண்ணாகவா எழுத்தாகவா என்று திரும்பக் கேட்பார்கள். டொமைன் விதிகள் கோட்டையும் எண்ணையும் அனுமதிக்கின்றன, 63 எழுத்து வரை நீளவும் விடுகின்றன. விதி அனுமதிக்கிறது என்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீளத்தை நிர்ணயிப்பது டொமைன் அல்ல, சமூக வலைத்தளங்கள். இன்ஸ்டாகிராமில் பயனர் பெயர் 30 எழுத்து வரை போகலாம். எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு ஏற்கும். யூடியூப் ஹேண்டிலும் 30 வரைதான். ஃபேஸ்புக்கில் குறைந்தது 5 எழுத்து வேண்டும். அடிக்கோடு கிடையாது, நடுவில் வைக்கும் புள்ளியை அது கணக்கிலேயே எடுக்காது. எக்ஸ் தளத்தில் 15 எழுத்துதான், புள்ளி போட முடியாது. இத்தனைக்கும் ஒருசேரப் பொருந்தும் பெயர் வேண்டுமென்றால் விடை எளிது: 5 முதல் 15 எழுத்துக்குள், எழுத்துகள் மட்டும். `vayalmani` ஒன்பது எழுத்து. நன்றாக அடங்கும்.

இனிதான் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் வரிசை முக்கியம். டொமைன் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே பணம் கட்டிவிட்டு, பிறகு இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயரில் வேறு ஓர் எண்ணெய்க் கடை இருப்பதைப் பார்த்துத் தவிப்பவர்கள் நிறைய. முதலில் வணிகச் சின்னம், பிறகு டொமைன், பிறகு ஹேண்டில்கள் என்று மூன்றையும் ஒரே மாலையில் பார்த்து முடித்துவிட வேண்டும். மூன்றும் தேறினால் அன்றே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பெயரை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பது அதற்கு அடுத்த வேலை.

வணிகச் சின்னத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டொமைன் வாங்கிவிட்டதால் பெயர் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் ‘சிஃபி’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்தே கட்டி உருவாக்கி, `sifynet.com` உள்ளிட்ட டொமைன்களை 1999-இல் பதிவு செய்திருந்தது. பிறகு வேறு ஒரு நிறுவனம் `siffynet.com` என்று ஓர் `f` கூடுதலாகப் போட்டுப் பதிவு செய்தது. தங்கள் நிறுவனர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தே அதை உருவாக்கியதாக அவர்கள் வாதிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டொமைன் பெயரும் வணிகச் சின்னத்தைப் போலவே பாதுகாப்புப் பெறும் என்று 2004-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முதலில் பயன்படுத்திய சத்யம் இன்ஃபோவேயின் பக்கம் நின்றது. பணம் கட்டி முறையாகப் பதிவு செய்த டொமைனாக இருந்தும், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு பெயரை ஒத்து ஒலித்ததால் இரண்டாமவரால் அதைப் பயன்படுத்த முடியாமல் போனது.

ஆகவே இந்திய அரசின் வணிகச் சின்னப் பதிவகத் தளத்தில் தேடிப் பார்ப்பது அவசியம். தேடுவது இலவசம். அங்கே சொல்லாகத் தேடுவதோடு ஒலியாகத் தேடவும் ஒரு வசதி உண்டு; `Phonetic` என்று திரையில் இருக்கும். தமிழ்ப் பெயர்களுக்கு அதைத்தான் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். சொல் தேடலில் `vayalmani` இல்லை என்று வரலாம்; ஒலித் தேடலில் `vayalmany` என்று யாரோ பதிந்திருப்பது தெரியவரலாம். பொருள்கள் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பில் வரும், மசாலாப் பொடிகள் 30-இல். அதே பெயரில் 29-இல் வேறொருவர் இருந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். அதே பெயரில் டிராக்டர் உதிரிப்பாகம் விற்பவர் இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. தனிநபரும் சிறு தொழிலும் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்; பதிவு பத்தாண்டு செல்லும். முதல் நாளே விண்ணப்பிக்கப் பணமில்லாவிட்டாலும் தேடலையாவது செய்யாமல் இருக்கக் கூடாது.

டொமைனில் `.in` எடுப்பதா `.com` எடுப்பதா என்று கேட்பார்கள். வாடிக்கையாளர் இந்தியாவில் இருந்தால் `.in` போதுமானது, விலையும் குறைவு. ஆனால் `.com`-இல் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் ஆட்கள் பழக்கத்தில் கடைசியில் `.com` போட்டுவிடுவார்கள். அங்கே எண்ணெயோ உணவுப் பொருளோ விற்பவர் இருந்தால் நம் விளம்பரச் செலவெல்லாம் அவருக்குப் போகும். அந்தப் பெயரையே மாற்றிவிடலாம். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடுத்து ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவது உத்தமம். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புதுவகைப் பின்னொட்டுகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த விலை முதல் ஆண்டுக்கு மட்டும். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் விலை பல மடங்காக இருப்பது வழக்கம். வாங்கும் பக்கத்திலேயே புதுப்பிப்பு விலை சிறிய எழுத்தில் இருக்கும், அதைத்தான் படிக்க வேண்டும்.

வாங்கும் முன் அந்த டொமைனின் பழைய வாழ்க்கையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். `web.archive.org` தளத்தில் முகவரியைத் தட்டினால், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதன் பழைய படிகள் தெரியும். யாரோ பயன்படுத்திக் கைவிட்ட டொமைனில் இடையில் சூதாட்டத் தளம் நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட முகவரியிலிருந்து அனுப்பும் கடிதங்களை மின்னஞ்சல் நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்க்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள் என்று சொல்வேன்.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் கணக்கில், உங்கள் கையால் வாங்குங்கள். நம் ஊரில் சிறுதொழில் செய்பவர்கள் பெரும்பாலும் வெப்சைட் போட்டுத் தருபவரிடம் பணத்தைக் கொடுத்து, “நீங்களே எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி” என்று விட்டுவிடுகிறார்கள். அவர் தன் கணக்கிலேயே, தன் மின்னஞ்சலில், சில சமயம் தன் பெயரிலேயே வாங்கிவிடுகிறார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கு அது சுலபம். மூன்று ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், நம்பர் மாறிவிடும். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். பதிவேட்டில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் கட்டியது நீங்கள் என்பதை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். வெப்சைட் செய்பவருக்கு வேலை செய்யத் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும்.

அந்தக் கணக்கைத் திறக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டொமைன் வாங்கிய கணக்கின் மீட்பு மின்னஞ்சலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்கக் கூடாது. `vayalmani.in` காலாவதியானால் அதில் இயங்கும் மின்னஞ்சலும் அன்றோடு நின்றுவிடும். கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும் என்றால் பூட்டிய அறைக்குள் சாவியை வைத்த மாதிரி ஆகிவிடும். வேறு ஒரு தனி மின்னஞ்சலைக் கொடுங்கள். ஓடிபி வரும் சிம் கார்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அடுத்தது மின்னஞ்சல். ஜிமெயிலில் இலவசமாக ஒரு முகவரி எடுத்துத் தொழிலை ஆரம்பித்தால் என்ன என்று கேட்கலாம். முதல் வாரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி, வங்கி, கூரியர், இணையக் கடைகள் என்று ஒவ்வொன்றிலும் அந்த முகவரியைத்தான் கொடுப்போம். எண்ணெய் டின்னின் லேபிளிலும் அச்சடிப்போம். ஓராண்டு கழித்து மாற்ற நினைத்தால் ஒவ்வோர் இடமாகப் போய் மாற்ற வேண்டும். டொமைன் எடுத்த அன்றே அதன் மேல் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. பின்னாளில் மின்னஞ்சல் சேவையை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் முகவரி அப்படியே இருக்கும். கூகுள், மைக்ரோசாஃப்ட், சென்னையின் சோஹோ என்று பலரும் இந்தச் சேவையைத் தருகிறார்கள்.

`@` குறிக்கு முன்னால் என்ன வைப்பது? அந்தப் பெண் தன் பெயரையே வைக்க நினைப்பார். அது வேண்டாம், நாளை ஆர்டர்களைப் பார்க்க வேறொருவர் வந்தால் முகவரி மாற வேண்டியிருக்கும். `order@vayalmani.in` என்று வேலையைச் சொல்லும் முகவரி நல்லது. பலர் `orders` என்று தட்டுவார்கள், ஆகவே அதையும் அதே பெட்டிக்கு மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடலாம். பெரும்பாலான சேவைகள் மாற்றுப் பெயருக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கொடுக்க வேறு ஒரு முகவரி வைத்துக்கொண்டு அதை எங்கும் விளம்பரப்படுத்தாமல் இருப்பது பாதுகாப்பு.

பெட்டி திறந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடிதம் வரும். நாம் அனுப்பும் பதில் எதிராளியின் ஸ்பேம் பெட்டியில் போய் விழும். காரணம், இந்த டொமைன் சார்பாகக் கடிதம் அனுப்ப யாருக்கு அனுமதி உண்டு என்பதை டொமைனின் அமைப்பில் நாம் எழுதி வைக்காததுதான். அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று இரண்டு பதிவுகள் உண்டு. முதலாவது, அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல். இரண்டாவது, ஒவ்வொரு கடிதத்திலும் பதியும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எல்லாரிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது; இரண்டும் இருப்பதே நல்லது. கூகுளின் சேவையை எடுத்திருந்தால் முதல் பதிவு இப்படி இருக்கும்:

```
v=spf1 include:_spf.google.com ~all
```

டொமைன் வாங்கிய கணக்கில் டிஎன்எஸ் என்ற பகுதியில் `TXT` வகையில் இதைச் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கடிதம் அனுப்பும் வேறொரு சேவையைச் சேர்க்கும்போது, அவர்கள் கொடுத்த எஸ்பிஎஃப் வரியை இரண்டாவது பதிவாகப் போட்டுவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை தோற்றுவிடும். புதிய சேவையின் `include` பகுதியைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பதிவுகள் பரவ ஒன்றிரண்டு நாள் விட்டுவிட்டு, புது முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்துங்கள். மேலே SPF, DKIM என்ற இரண்டுக்கும் எதிரே `PASS` என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் லேபிள் அச்சடிக்கக் கொடுப்பதை நிறுத்திவைத்துவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

ஹேண்டில்களுக்கு வருவோம். `vayalmani` எல்லாத் தளத்திலும் கிடைத்துவிட்டால் பேச்சே இல்லை. இன்ஸ்டாகிராமில் மட்டும் யாரோ எடுத்து, ஒரு படம்கூடப் போடாமல் விட்டிருக்கிறார் என்றால்? அங்கே மட்டும் `vayalmani_official` என்று வைப்பது பலரும் செய்யும் காரியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயர் என்றாகிவிடும், வாடிக்கையாளர் எதை நம்புவது என்று குழம்புவார். அடிக்கோட்டைப் போனில் சொல்வதும் சிரமம். இணைப்பாக வரும்போது கீழே கோடு விழுந்து அது கண்ணுக்கே தெரியாமல் போகும். பொருளைச் சொல்லும் ஒரு சொல்லைச் சேர்த்து, எல்லாத் தளத்திலும் அதையே வைப்பதுதான் சரி. `vayalmanioils` 13 எழுத்து. எக்ஸ் தளத்துக்கும் அடங்கும். ஆனால் நாளை மசாலாப் பொடியும் விற்கும் திட்டம் இருந்தால் `oils` என்று பெயரிலேயே கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டாம்; `foods` என்றால் பரவாயில்லை.

எல்லாத் தளத்திலும் இயங்க நேரமில்லை என்பது உண்மைதான். இயங்க வேண்டியதில்லை, பெயரை எடுத்து வைத்து, முகப்பில் இணைய முகவரியையும் வாட்ஸ்அப் எண்ணையும் போட்டால் போதும். நாம் எடுக்காமல் விட்ட தளத்தில் வேறொருவர் நம் பெயரில், நம் படங்களைப் போட்டுக் கணக்குத் திறந்து, “சலுகை விலை, முன்பணம் அனுப்புங்கள்” என்று யுபிஐ எண் கொடுக்கும் மோசடிக்கு அது இடம் தராது. கடைசி எழுத்தை இரட்டித்து `vayalmanii` என்று வருபவரைத் தடுக்க முடியாது. ஆனால் நம் எல்லா இடத்திலும் பெயர் ஒன்றாகவே இருந்தால், மாறி இருப்பது போலி என்று வாடிக்கையாளரே கண்டுகொள்வார். அதனால்தான் இந்த ஒற்றுமைக்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. முடியும். `.இந்தியா`, `.இலங்கை`, `.சிங்கப்பூர்` என்ற தமிழ்ப் பின்னொட்டுகள் உண்மையாகவே புழக்கத்தில் உள்ளன. எழுத்து மாறும் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் டொமைன் அமைப்பு உள்ளுக்குள் ஆங்கில எழுத்தையே பயன்படுத்துவதால், `.இந்தியா` என்பது `xn--xkc2dl3a5ee0h` என்று மாற்றப்பட்டுத்தான் இயங்குகிறது. சில செயலிகளில் இணைப்பைப் பகிரும்போது அந்தப் புரியாத வடிவமே தெரிந்துவிடும். பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார். தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியைப் பல அரசுப் படிவங்களும் வங்கிப் படிவங்களும் ஏற்பதில்லை. எனவே `வயல்மணி.இந்தியா` என்பதை வாங்கி முதன்மை முகவரிக்குத் திருப்பிவிடலாம், கடைப் பலகையில் எழுதலாம். மின்னஞ்சலுக்கு அதையே நம்பியிருக்க இன்னும் காலம் வரவில்லை.

கடைசியாகப் புதுப்பித்தல். டொமைன் நமக்கு விற்கப்படுவதில்லை, ஆண்டுக் கணக்கில் தரப்படுகிறது. `.com` டொமைன் ஒன்று காலாவதியானால் வாங்கிய நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரண விலையில் மீட்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் தண்டக் கட்டணம் பல மடங்கு. அதற்கடுத்த 5 நாளில் பெயர் அழிந்து, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிடும். காலாவதியாகும் பெயர்களைக் காத்திருந்து அள்ளுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் எண்ணெய் டின்னில் அச்சான முகவரியைத் தட்டினால் சூதாட்டத் தளம் திறக்கும் நிலை அப்படித்தான் வருகிறது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு வைத்தாலும், அதில் பதிந்த வங்கி அட்டை காலாவதியாகியிருந்தால் பணம் போகாது. முடிந்தால் மூன்று நான்கு ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். காலாவதித் தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருப்பவர்கள் இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் டொமைன் எந்த நிறுவனத்தில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டு, உள்ளே போய் `Registrant` என்ற இடத்தில் யார் பெயரும் யார் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையதாக இல்லாவிட்டால், வெப்சைட் போட்டுத் தந்தவரோடு நல்ல உறவு இருக்கும்போதே மாற்றித் தரச் சொல்லி வாங்கிவிடுங்கள்.